மாத நடுவில் பிளான் மாறினால் எவ்வளவு வாங்குவது? பில்லிங் கேள்வி பதில்

கோவையிலிருந்து, புதிதாக ஆப் தொடங்கியவர்: அக்கா, எங்க ஆப்ல மாசம் 600 ரூபாய் பிளான் ஒண்ணு, 1,500 ரூபாய் பிளான் ஒண்ணு. ஏப்ரல் 1ல் 600 கட்டினவர் 21ஆம் தேதி பெரிய பிளானுக்கு வர்றார். வித்தியாசம் 900ஐ அப்படியே வாங்கிடலாமா?

வாங்கினால் அடுத்த நாளே போன் வரும். ஏப்ரலுக்கு 30 நாள். 21ஆம் தேதி காலையில் மாறுகிறார் என்றால் மீதி 10 நாள். பழைய பிளானில் அவர் அனுபவிக்காத 10 நாளுக்கு 200 ரூபாய் அவருடையது. புதிய பிளானில் அதே 10 நாளுக்கு 500 ரூபாய் உங்களுடையது. கழித்தால் 300, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 54, ஆக 354. மே 1 முதல் வழக்கம்போல 1,500ம் வரியும்.

வித்தியாசம் 900ஐ மூன்றால் வகுத்தாலும் அதே 300 வருமே என்று தோன்றும். வரும். ஆனாலும் பில்லில் மைனஸ் 200 ஒரு வரி, பிளஸ் 500 ஒரு வரி என்று தனித்தனியாகவே எழுதுங்கள். தள்ளுபடி, கட்டாத பாக்கி எதுவும் குறுக்கே வராத வரைக்கும்தான் குறுக்குவழி சரியாக இருக்கும். அவை வந்த அன்று அந்த 300க்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கணக்கர், மதுரை: எதுக்கு இவ்வளவு சிக்கல்? எந்த மாசமா இருந்தாலும் 30ஆல வகுத்தா முடிஞ்சது. இருபது வருஷமா அப்படித்தான் போட்டுட்டு இருக்கேன்.

ஏப்ரலில் நீங்கள் சொல்வது சரிதான் ஐயா. ஒப்பந்தத்திலேயே ‘மாதம் என்றால் 30 நாள்’ என்று எழுதியிருந்தாலும் சரி. அப்படி எழுதாத இடத்தில் மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1ஆம் தேதி 600 கட்டியவர் கட்டிய கையோடு மாறுகிறார், 31 நாளும் மீதி. 600ஐ 30ஆல் வகுத்து 31ஆல் பெருக்கினால் 620. கட்டியதைவிட 20 ரூபாய் அதிகமாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். பிப்ரவரியில் நேர்மாறாக நடக்கும்: 28 நாளும் மீதி இருக்க, அவருக்கு வருவது 560தான். கட்டிய நிமிடமே 40 ரூபாய் காணாமல் போய்விட்டது.

வகுக்கும் எண், அந்த பில்லிங் சுழற்சியில் உண்மையில் எத்தனை நாளோ அதுவாக இருக்க வேண்டும். சுழற்சி 15ஆம் தேதி தொடங்கினால் 15 முதல் அடுத்த 14 வரை எண்ணுங்கள். காலண்டர் மாதத்தைப் பார்க்காதீர்கள். இன்னொன்று, ஒரு நாள் வாடகையை முதலிலேயே பைசாவுக்கு முழுமையாக்கிவிட்டுப் பெருக்க வேண்டாம். பெருக்கி, வகுத்து, கடைசியில் ஒரே ஒருமுறை முழுமையாக்குங்கள். இல்லையென்றால் மாதக் கடைசியில் உங்கள் பேரேட்டில் சில பைசாக்கள் எங்கும் ஒட்டாமல் நிற்கும். அதைத் தேடும் வேலை உங்களுக்குத்தான் வரும்.

டெவலப்பர், சென்னை: ஆன்லைன்ல பணம் வாங்கி பில் போட நாங்க ஸ்ட்ரைப் வச்சிருக்கோம். எங்ககிட்டயும் அதே 600, 1,500 பிளான். ஏப்ரல் 21ல் மாறினவருக்கு எங்க பக்கத்துல 300 காட்டினோம். ஆனா பில் 277.50க்கு வந்துச்சு. வரி சேர்க்காத தொகைதான். எது தப்பு?

வாடிக்கையாளர் மாலை ஆறு மணிக்கு மாறியிருப்பார், பதிவைப் பாருங்கள். உங்கள் பக்கம் நாள் கணக்குப் போடுகிறது, ஸ்ட்ரைப் நொடிக் கணக்குப் போடுகிறது. 21ஆம் தேதி மாலை ஆறுக்கு மீதி 10 நாள் இல்லை, 222 மணி நேரம். மாதத்துக்கு 720 மணி. பழையதில் 185 கழியும், புதியதில் 462.50 சேரும். மிச்சம் 277.50. இரண்டு முறையிலும் தப்பு இல்லை, இரண்டையும் கலந்ததுதான் தப்பு.

நாள் கணக்கே வேண்டும் என்பவர்கள் நேர மண்டலத்தையும் கவனியுங்கள். சர்வர் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடினால் அதற்குப் புது நாள் பிறப்பது நமக்குக் காலை ஐந்தரைக்கு. நமக்கு 21ஆம் தேதி பிறந்து இரவு இரண்டு மணிக்கு ஒருவர் பிளான் மாற்றினாலும், சர்வருக்கு அது இன்னும் 20ஆம் தேதி. மீதி 11 நாள் ஆகி, 300க்குப் பதில் 330 வாங்கும். நள்ளிரவு முதல் ஐந்தரைக்குள் மாறியவர்களின் பில் மட்டும் தொடர்ந்து ஒரு நாள் தள்ளி வந்தால், வேறெங்கும் தேட வேண்டாம்.

காட்டிய தொகையும் வாங்கும் தொகையும் ஒன்றாக இருக்க, ஸ்ட்ரைப்பிடம் பில்லின் முன்னோட்டம் கேட்கும்போது என்ன நேரத்தைக் கொடுத்தீர்களோ, அதையே மாற்றும்போதும் கொடுங்கள்:

```
proration_behavior=always_invoice
proration_date=1745238600
```

அந்த எண் 2025 ஏப்ரல் 21 மாலை ஆறு மணி, நம் நேரப்படி. முதல் வரியைக் கொடுக்காவிட்டால் `create_prorations` என்று எடுத்துக்கொள்ளும். ஒரே மாதச் சுழற்சிக்குள் மாறும்போது பணம் உடனே போகாது, இரண்டு வரிகளும் அடுத்த பில்லில் ஏறும். வாடிக்கையாளர் இன்று ஒன்றும் கட்டாமல் பெரிய பிளானைப் பயன்படுத்துவார். நல்லவர்களுக்கு அது வசதி. மாதக் கடைசியில் கார்டை நீக்கிவிட்டுப் போகிறவர்களுக்கும் வசதி.

சந்தாதாரர், திருச்சி: நான் டெவலப்பர் இல்லைங்க. என் பிராட்பேண்டை ஜூன் 16ல் 699லேர்ந்து 999க்கு மாத்தினேன். பில் தேதி 1. ஜூலை பில் 1,355.82 வந்திருக்கு. 999தானே சொன்னாங்க, ஏமாத்துறாங்களா?

கேள்வி இங்கே வேண்டியதுதான், இந்தக் கணக்கை நாங்கள் போடுவது உங்களுக்காகத்தானே. வாடகையை முன்கூட்டியே வாங்கும் நிறுவனம் என்று வைத்துப் பார்க்கிறேன். ஜூனில் மீதி 15 நாள். 699ல் பாதி 349.50 உங்களுக்குத் திரும்ப வேண்டும். 999ல் பாதி 499.50 நீங்கள் தர வேண்டும். வித்தியாசம் 150. அதோடு ஜூலை மாத 999. கூட்டினால் 1,149, ஜிஎஸ்டி 206.82. உங்கள் பில்லுக்குப் பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது.

ஆனாலும் பில்லைப் பிரித்துப் பாருங்கள், மைனஸ் 349.50 என்றொரு வரி இருக்க வேண்டும். அது இல்லாமல் மொத்தம் 1,768 பக்கம் வந்திருந்தால் சண்டை போடலாம். ஆகஸ்ட் பில் 1,178.82க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அப்போதும் போடலாம்.

ஸ்டார்ட்அப் நிதிப் பொறுப்பாளர், பெங்களூரு: மேடம், எங்களிடம் முதல் மாதம் பாதி விலை கூப்பன் உண்டு. சில கணக்குகளில் கிரெடிட் சேர்ந்துகொண்டே போகிறது. பிளான் விலை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பிளான் விலை சரியாக இருப்பதுதான் சிக்கல். கூப்பனில் 300 மட்டும் கட்டியவருக்கு 10 நாள் மீதம் என்றால் திருப்ப வேண்டியது 100. உங்கள் கணக்கு விலைப்பட்டியலில் உள்ள 600ஐப் பார்த்து 200 கொடுக்கிறது என்று நினைக்கிறேன். கழிக்கும் வரி எப்போதும் அவர் பழைய பில்லில் கட்டிய தொகையிலிருந்தே பிறக்க வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதன் அண்ணன் ஒன்று இருந்தது. கார்டு தோற்று 600 ரூபாய் பில் கட்டாமல் நிற்கும்போதே மேலே மாற அனுமதித்தோம். மென்பொருள் பழைய பில் கட்டப்பட்டதாகவே எண்ணி 200 கழித்தது. பிறகு வாடிக்கையாளர் அழைத்ததும் சப்போர்ட்டில் இருந்தவர் பழைய பாக்கியை நல்ல மனதோடு ரத்து செய்துவிட்டார். அந்த மனிதர் ஒரு ரூபாய்கூடக் கட்டாத மாதத்துக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு பில்லும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருந்தது. ஸ்ட்ரைப்பும் இயல்பாகவே கட்டப்படாத பில்லுக்கும் இப்படிக் கழிக்கும், அதனால் இது உங்களுக்கும் வரலாம்.

இன்றைக்கே டேட்டாபேஸில் ஒரு வினவல் எழுதி ஓட்டிப் பாருங்கள்: எந்த பில்லுக்காவது, அதற்கு வந்த பணத்தைவிட அதிகமாகக் கிரெடிட் போயிருக்கிறதா? ஒரு வரி வந்தாலும் ஓட்டை இருக்கிறது. அதுவரை, பாக்கி இருந்தால் முதலில் பாக்கி, பிறகு பிளான் மாற்றம் என்று நிறுத்தி வையுங்கள்.

அதே டெவலப்பர், சென்னை: இன்னொண்ணு. வித்தியாசத் தொகை ஒழுங்கா வந்துடுது, ஆனா அடுத்த 1ஆம் தேதி நிறைய பேருக்கு டெபிட் தோத்துப்போகுது. ஏன்?

ஆட்டோபே அனுமதி எவ்வளவுக்கு வாங்கினீர்கள்? 600 பிளானுக்கு வரியோடு 708 என்று உச்சவரம்பு வைத்திருந்தால், மே 1ல் 1,770 கேட்கும்போது வங்கி தராது. மாறும் அன்று வாடிக்கையாளர் திரைக்கு முன்னால் ஓடிபியோடு உட்கார்ந்திருக்கிறார். அன்றைய 354ஐ ஒருமுறைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, அதே உட்காரலில் புதிய அனுமதியையும் வாங்கிவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் போக வேண்டும். ஏப்ரல் 30 இரவு மாறுகிறவருக்குப் பழைய தொகையோடு தகவல் ஏற்கெனவே போயிருக்கும். அந்த ஒரு நாளுக்கு நாங்கள் மாற்றத்தை 1ஆம் தேதிக்குத் தள்ளிவிடுகிறோம். அழகான வழி இல்லை, ஆனால் ஓடுகிறது.

எஸ்எம்எஸ் சேவை நடத்துபவர், சேலம்: எங்ககிட்டயும் அதே 600, 1,500 விலைதான். சின்ன பிளான்ல 1,000 மெசேஜ், பெரிசுல 4,000. பத்து நாளுக்குக் காசு வாங்கிட்டு 4,000த்தையும் கொடுக்கிறதா?

இதில் எனக்கே முழுத் தெளிவு இல்லை. கட்டணத்தைப் பிரித்தால் ஒதுக்கீட்டையும் பிரிப்பதுதான் நியாயம்: 4,000த்தில் மூன்றில் ஒன்று, சுமார் 1,333. ஆனால் 21ஆம் தேதி மாறுகிறவர் ஏன் மாறுகிறார்? அவருடைய 1,000 தீர்ந்துபோனதால். பழைய ஒதுக்கீட்டில் பயன்படுத்தாத பத்து நாள் அவரிடம் இல்லவே இல்லை, எல்லாம் தீர்ந்தாகிவிட்டது. அப்படியிருக்க 200 ரூபாய் திருப்புவது எதற்காக?

எண்ணிக்கையில் விற்கும் பொருளாக இருந்தால், நான் நாளைப் பார்க்காமல் அன்றே புதுச் சுழற்சி தொடங்கச் சொல்வேன்: முழு 1,500, முழு 4,000, பழையதில் மீந்த மெசேஜ் இருந்தால் அதற்கு மட்டும் கழிவு.

கணக்கர், மதுரை: அது சரிம்மா, ஆனா புதுச் சுழற்சின்னா பில் தேதி 21ஆயிடுமே. அவங்க கம்பெனி எல்லா பில்லையும் 1ஆம் தேதிதான் பாஸ் பண்ணும். அந்தக் கழிவுக்கு கிரெடிட் நோட் போடணுமா, இல்ல பில்லுக்குள்ளயே கழிக்கலாமா?

பில் தேதி விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். பெரிய நிறுவன வாடிக்கையாளர்களுக்கு 1ஆம் தேதியை நகர்த்தாமல் கூடுதல் மெசேஜ் பொதியாக விற்பது மேல். கிரெடிட் நோட் பற்றி நான் கேட்ட இரண்டு ஆடிட்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். உங்கள் பக்கத்தில் எப்படிப் போடுகிறீர்கள் என்று எழுதுங்கள், சேலத்துக்காரருக்கும் உதவும்.