எடுப்பா இல்லியே தம்பி

அன்புள்ள அண்ணா,

திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். ஒரு முந்திரிக் கடைக்குப் போர்டு டிசைன் செய்து அனுப்பினேன் (இணைத்துள்ளேன்). ‘நல்லாருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் பாப் ஆகணும்’ என்று வாட்ஸ்அப்பில் பதில். மூன்று முறை மாற்றியும் அதே பதில்தான். ரசனையே இல்லாத இந்த ஆளுக்கு என்ன எழுதுவது? எத்தனை முறை இலவசமாக மாற்றித் தரலாம்?

ஒரு வாசகர், கடலூர்

*

அன்புள்ள தம்பி,

இலவசக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு முறை என்று முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

‘ரசனையே இல்லாத ஆள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். அவர் முந்திரி விற்கிறவர். நம் தொழில் பாஷை அவருக்கு எதற்கு? டாக்டரிடம் போய் ‘என்னமோ பண்ணுது’ என்கிறோம். அவர் நம்மைத் திட்டுகிறாரா, வயிற்றை அழுத்திப் பார்க்கிறாரா?

நானும் திட்டியவன்தான். வெகுநாள் முன்பு, வில்லியனூர் ரோட்டில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடைக்குப் போர்டு செய்தேன். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. கடைக்காரப் பெரியவர் பார்த்துவிட்டு, “எடுப்பா இல்லியே தம்பி” என்றார். சிவப்பை இன்னும் ஏற்றினேன். அதே பதில். எழுத்தைச் சுற்றித் தடிமனாக மஞ்சள் பார்டர் போட்டேன். அப்புறம் நிழல், மூலையில் ஒரு நட்சத்திர வெடிப்பு. அதே பதில். வீம்புக்கு என் காசில் ஃப்ளெக்ஸ் அடித்துக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, எதிர்ப்புறம் போய் நின்றேன். ‘மரச்செக்கு’ ஒரு மாதிரி தெரிந்தது. ‘எண்ணெய்’ வெறும் மஞ்சள் கட்டியாக இருந்தது.

சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள், ஆகவே எழுத்து எடுப்பாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தூரத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டுவது நிறத்தை விட வெளிச்ச வித்தியாசம்தான். திரையில் `#FF0000` சிவப்பையும் `#008000` பச்சையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வெளிச்ச விகிதம் 1.3 கூட வராது. இணையப் பக்கத்தில் பெரிய எழுத்துக்கே குறைந்தது 3 வேண்டும் என்கிறது WCAG என்ற இணைய அணுகல் வழிகாட்டி. கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல்.

பார்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் போட்டிருக்கிறீர்கள். ‘எண்ணெய்’ என்ற சொல்லில் இரண்டு ண அடுத்தடுத்து வருகின்றன. ண-வின் உயிரே அந்தச் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடம்தான். பார்டர் எழுத்துக்கு வெளியே மட்டும் வளர்வதில்லை, சுழிக்குள்ளும் வளர்ந்து அதை அடைத்துவிடுகிறது. மேலே இருக்கும் புள்ளி பார்டரோடு ஒட்டிப் போகிறது. புள்ளி போனால் ண் எது, ண எது? ஆங்கிலப் போர்டில் பார்த்த பார்டரை அப்படியே தமிழில் வைக்காதீர்கள். அந்தக் கேப்பிடல் எழுத்துகளுக்கு இத்தனை சுழியும் கிடையாது, புள்ளியும் கிடையாது. எழுத்து எடுபடவில்லை என்றால் பின்னணியை மாற்றுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த போர்டு பெயிண்டர் ஒருவர் இருந்தார். சாக்பீஸில் எழுத்தைக் கோடு மட்டும் போட்டுவிட்டு, பிரஷ்ஷைத் தொடாமல் ரோட்டைத் தாண்டிப் போய், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். டீ வாங்கிக் குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்திருக்கிறேன். (டீயும் குடிப்பார்.) கண்ணைச் சுருக்கினால் நுணுக்கம் மறைந்து வெளிச்சமும் இருட்டும்தான் மிஞ்சும்.

அன்றைக்குப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்புறம் போனேன். “இங்க இருந்து பாத்தா எது முதல்ல தெரியணும்?” என்று கேட்டேன். “எண்ணெய்தாம்பா. மரச்செக்கை உள்ள வந்து பாத்துக்குவாங்க.” மூன்று முறையும் நான் கேட்காமல் விட்ட கேள்வி. கட்டியதைக் கழற்றிவிட்டு, வெளிர் மஞ்சளில் அடர்பழுப்பு எழுத்து வைத்தேன். பார்டரும் நட்சத்திரமும் போயின. நின்ற இடம் சுமார் 60 அடி. 10 அடிக்கு ஓர் அங்குல உயரம் என்பது பழைய கைக்கணக்கு, அதன்படி 6 அங்குலம் போதும். தமிழ்ச் சுழிக்கு அது போதாது என்று 9 வைத்தேன். முன்பு இருந்தது 4.

சரி, உங்கள் ஆளுக்கு எழுத வேண்டியது இதுதான்: “சார், கடைக்கு எதிர்ல நின்னு பாக்குறவங்களுக்கு முதல்ல எது தெரியணும்? நான் அனுப்பினதை செல்போன்ல கைநீட்டிப் பிடிச்சுப் பாருங்க. உங்க கண்ணு முதல்ல எங்க போச்சு?” இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் அப்புறம் நிறத்தைப் பற்றிப் பேசலாம்.

நீங்கள் இணைத்திருந்த படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். முதலில் தெரிவது போன் நம்பர், அடுத்து கடைக்காரர் படம். முந்திரி மூன்றாவதாக வருகிறது, அதிலும் ‘ந்’-இன் புள்ளியைக் காணோம்.