12 வீட்டுத் தொடர்மாடிக்கு உச்ச மின்தேவையைக் கணிப்பது எப்படி?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில நாலு தளம், தளத்துக்கு 3 வீடு. லிஃப்ட், தண்ணி மோட்டர் ரெண்டு, தீயணைப்புப் பம்ப் எல்லாம் இருக்கு. சாமான் எல்லாத்தையும் கூட்டினா 171 கிலோவாட் வருது. இவ்வளவுக்கும் இணைப்புக் கேக்க வேணுமா?

பதில்: வேண்டாம். 171 என்பது பொருத்தப்பட்ட சுமை. உங்களுக்குத் தேவை, ஒரே நேரத்தில் இழுபடக்கூடிய சுமை.

முதலில் ஒரு வீடு. 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பு என்றால், 230 வோல்ற்றில் நீண்ட நேரத்துக்கு 6.9 கேவிஏதான் கிடைக்கும். உள்ளே 12 கிலோவாட் சாமான் இருந்தாலும் பிரேக்கர் அதற்கு மேல் விடாது. ஆகவே அட்டவணையில் வீட்டுக்கு 6.9 என்று எழுதுங்கள். 12 வீட்டுக்கு 82.8 கேவிஏ. எல்லா வீடும் ஒரே நேரத்தில் முழுச் சுமையை இழுக்காது என்பதால் இதைக் குறைக்கும் எண்தான் ஒருங்குநிகழ்வுக் காரணி. பிரெஞ்சு நியமத்தில் 10 முதல் 14 வீடுகளுக்கு அது 0.63, அதனால் பெருக்கினால் 52 கேவிஏ.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தக் காரணி, மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்காத குடிமனைகளுக்கானது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே ஏசி செய்வது அந்தச் சூடாக்கியின் வேலைதான்: எல்லார் வீட்டிலும், ஒரே நேரத்தில், மணிக்கணக்காக. ஆகவே அந்த எண்ணை அப்படியே நம்பாமல் இரவு ஒன்பதரை மணியை வைத்துச் சரிபாருங்கள். வீட்டுக்கு ஏசி இரண்டு 2.4 கிலோவாட், விளக்கும் மின்விசிறியும் 0.4, குளிர்சாதனப் பெட்டி 0.2, டிவி முதலியன 0.3, ஆக 3.3. 12 வீட்டுக்கு 39.6. அதே நேரத்தில் குளியலறைச் சுடுநீர் ஹீட்டர் இரண்டு வேலை செய்தால் இன்னும் 7. 46.6 கிலோவாட்டை 0.9 திறன் காரணியால் வகுத்தால் ஏறத்தாழ 52 கேவிஏ. இரண்டு வழியும் ஒரே இடத்தில் முடிகிறது, 52ஐ வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு மூன்று ஏசி என்றால் இரண்டாவது வழியே வெல்லும்.

பொதுச் சேவைகளில் பலர் விடும் தவறு, மோட்டர் தகட்டில் உள்ள கிலோவாட்டை அப்படியே எழுதுவது. அது அச்சில் கிடைக்கும் வலு. உள்ளே போவதைத் தெரிய, வினைத்திறனாலும் பிறகு திறன் காரணியாலும் வகுக்க வேண்டும். 7.5 கிலோவாட் லிஃப்ட் மோட்டர் 10.1 கேவிஏ ஆகிறது. தண்ணீர் மோட்டர் இரண்டில் ஒன்று மாற்றுக்கு நிற்பது, 2.2 கிலோவாட்டில் ஒன்றை மட்டும் சேர்த்தால் 3.2. மாடிப்படி விளக்கு, கமரா எல்லாம் 2.2. சாதாரண நாளில் மொத்தம் 15.5.

தீயணைப்புப் பம்பை இதோடு கூட்டவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. தீ நேரத்தை இன்னொரு நிலையாகக் கணியுங்கள்: லிஃப்ட் கீழே வந்து நின்றுவிடும், 11 கிலோவாட் பம்ப் 14.7 கேவிஏ இழுக்கும், விளக்குகள் எரியும், ஆக 16.9. இரண்டில் பெரியது இது. வீடுகளின் 52ஐயும் சேர்த்தால் மொத்தம் 69 கேவிஏ, 400 வோல்ற்றில் பேஸுக்கு 100 அம்பியர்.

100 என்று வந்ததும் 100 அம்பியர் பிரேக்கர் வாங்கிவிடாதீர்கள். 0.63 என்பது 12 வீட்டுக்கு. ஒரு பேஸில் இருப்பதோ நாலே வீடு. வீடுகள் குறைந்தால் சராசரி காப்பாற்றாது. அந்த இரண்டு ஹீட்டரும் ஒரே பேஸில் விழுந்தால் 4 × 3.3 + 7 = 20.2 கிலோவாட், அதாவது 98 அம்பியர். பொதுச் சேவையின் 24ஐச் சேர்த்தால் 122. எனவே பிரதான பிரேக்கர் 125 அம்பியர். மேல் தளத்துக்குப் போகும் கேபிளுக்கும் இதே கதை: அங்கே பேஸுக்கு ஒரு வீடுதான், குறைப்பே கிடையாது, முழு 30 அம்பியர்.

சுமை அட்டவணையில் சுமை, எண்ணிக்கை, காரணி என்பவற்றோடு சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நிரல் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் மூன்று வீட்டுக்கும் மூன்று பேஸ் என்று எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் வயர் இழுப்பவர் தளத்துக்கு ஒரு பேஸ் என்று போட்டுவிடுவார். நாலாவது தளம் மறுபடி சிவப்புக்கு வரும். அப்போது சிவப்பில் ஆறு வீடு, பொதுச் சேவையோடு 150 அம்பியரைத் தாண்டும். முதலாவது வெக்கை மாதத்தில், இரவில் மட்டும் பிரதான பிரேக்கர் விழத் தொடங்கும். பலர் உடனே பிரேக்கரைக் குறை சொல்லி மாற்றுவார்கள். அதற்கு முன் ஒன்பதரை மணிக்கு மூன்று பேஸிலும் நியூட்ரலிலும் கிளாம்ப் மீற்றர் பிடியுங்கள். நியூட்ரலில் ஐம்பது, அறுபது அம்பியர் ஓடினால் பிழை பிரேக்கரில் இல்லை, பேஸ் பிரித்ததில்.