ஃபாஸ்டிங் சுகர் டெஸ்டுக்கு எட்டு மணி நேரம் ஏன் சாப்பிடக் கூடாது? சர்க்கரை போடாத காபி கூடவா தப்பு?

பால் விட்ட காபி என்றால் தப்புதான். என் மாமனார் விஷயத்திலேயே பார்த்தேன்.

மும்பை மாட்டுங்காவில் இருக்கிறார், எழுபது வயது. காலை ஐந்தரைக்கு ஃபில்டர் காபி உள்ளே போகாவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது. போன வருடம் ஏழு மணிக்கு ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த லேப் பையன் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமே சாப்பிடலையேப்பா" என்று சொல்லிவிட்டார், காபி அவர் கணக்கில் சாப்பாடு இல்லை. ரிசல்ட் 118. அன்றைக்கே மாமியார் வீட்டில் அரிசியை நிறுத்திவிட்டார்!

இந்த டெஸ்ட் பார்ப்பது ராத்திரி சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையை இல்லை. வயிற்றிலிருந்து எதுவும் வராத நேரத்தில் கல்லீரல் தன் இருப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை ரத்தத்தில் விடும், இன்சுலின் அதை அளவோடு பிடித்து வைக்கும், அந்தப் பிடி எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். சாப்பாட்டுச் சர்க்கரை பலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கிவிடும், ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் எண்ணெயும் நெய்யுமாகச் சாப்பிட்டவர்களுக்கும் இழுக்கும், அதனால்தான் குறைந்தது எட்டு மணி நேரம்.

சரி, அரை டம்ளர் காபி என்ன செய்துவிடும்? 100 மில்லி ரத்தத்தில் 90 மில்லிகிராம் என்றால், நம் ஐந்து லிட்டர் ரத்தத்தில் மொத்தமாக இருப்பதே நாலரை கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் அளவுதான். காபியில் விட்ட 100 மில்லி பாலில் மட்டும் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, அதில் பாதி குளுக்கோஸாகப் பிரியும். மாமனார் அதற்கு மேல் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக்கொள்வார்.

நாலு நாள் கழித்து, ராத்திரி ஒன்பதுக்குச் சாப்பிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மறுபடி எடுத்தோம்: 97. நாளுக்கு நாள் சில புள்ளி ஏறி இறங்கும், அதனால் 21-ஐயும் காபி தலையில் கட்ட மாட்டேன். ஆனால் 100 முதல் 125 வரை வந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று எழுதிவிடுவார்கள், அவர் கோட்டின் இந்தப் பக்கம் இருந்தவர்.

இளநீர், தேன் கலந்த எலுமிச்சை, ஹார்லிக்ஸ், ஒரு பிஸ்கட், இனிப்பான இருமல் மருந்து எல்லாமே விரதத்தை முறிக்கும். பால் இல்லாத கறுப்புக் காபியில் கலோரி இல்லைதான், ஆனால் காஃபீனே சிலருக்குச் சர்க்கரையை லேசாக ஏற்றும், ரத்தம் எடுத்த பிறகு குடியுங்கள். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், நரம்பும் சுலபமாகக் கிடைக்கும்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் என்றால் காலை டோஸை எப்போது எடுப்பது என்று முந்தின நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நடுவில் வியர்த்து, கை நடுங்கினால் டெஸ்டைப் பார்க்காமல் உடனே சர்க்கரையை வாயில் போடுங்கள், ரத்தம் இன்னொரு நாள் கொடுக்கலாம்.