மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளருமா?

என் மகளுக்கு ஒன்றரை வயது, முடி மெல்லிசாக இருக்கிறது. இன்னொரு மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்கிறார் மாமியார். உண்மையா?

வராதுங்க. கத்தி வெட்டுவது தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கெரட்டின் என்ற புரதத்தாலான உயிரற்ற முடியை மட்டும்தான். முடியை உருவாக்கும் வேர்ப்பை தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே வெட்டியது அதற்குத் தெரியவே தெரியாது. தலையில் எத்தனை வேர்ப்பைகள் என்பதும் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடும், மொட்டையால் ஒன்றுகூட அதிகமாகாது.

அப்புறம் ஏன் அடர்த்தியாகத் தெரிகிறது? வெட்டுப்படாத முடியின் நுனி ஊசி மாதிரி கூர்மையாக இருக்கும். மழித்தபின் முளைப்பது தடித்த நடுப்பகுதி, அதன் முனை தட்டையாக இருப்பதால் தடவினால் சொரசொரப்பாகவும், எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பதால் கறுப்பாகவும் தெரியும். 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் ஆண்களின் முகத்தை மழித்து, வளர்ந்த முடியை அளந்து பார்த்தார்: தடிமனும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பிறந்த முடி முதல் சில மாதங்களில் கொட்டி, மெல்லிய முடி போய்ப் பருத்த முடி வருவது ஓரிரண்டு வருடங்களில் தானாக நடக்கும். நாம் மொட்டை போடுவதும் அதே காலத்தில்தான், அதனால் பெயர் மொட்டைக்குப் போய்விடுகிறது.

விளக்கெண்ணெயும் அப்படித்தான், முடிமேல் படிந்து பளபளப்பாக்கும், புதிதாக முளைக்க வைக்காது. வட்டமாக முடியே இல்லாத இடம், செதில், அரிப்பு இருந்தால் மட்டும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.