சொந்தக் கல்யாணத்துக்கு லீவு: மேனேஜர் ‘பார்க்கலாம்’ என்றால் போதுமா?

“தஞ்சாவூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு வருடமாக டெவலப்பராக இருக்கிறேன். ஆவணியில் கும்பகோணத்தில் எனக்குக் கல்யாணம், புதன்கிழமை முகூர்த்தம். அதே வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் புராஜெக்ட் ரிலீஸ். எட்டு வேலை நாள் லீவு கேட்டதற்கு மேனேஜர் வாய்வார்த்தையாக ‘பார்க்கலாம்’ என்றார். ஹெச்.ஆரோ, ‘கல்யாணத்துக்கென்று லீவு கிடையாது, போனால் நோட்டீஸ் வரும்’ என்கிறார்கள். ஈட்டிய விடுப்பு பத்து நாள் பாக்கி இருக்கிறது. இன்னும் ஆறு வாரம்தான்.” (வாசகி, பாபநாசம்)

ஹெச்.ஆர். சொன்னதில் பாதி சரி. கல்யாணத்துக்கென்று தனி விடுப்பு சட்டத்தில் இல்லை. ஆனால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 25-ன்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த ஆண்டில் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை உண்டு. 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். உங்கள் பத்து நாள் அப்படிச் சேர்ந்ததுதான். அதை எதற்காக எடுக்கிறீர்கள் என்பது உங்கள் விஷயம். எந்தத் தேதியில் எடுப்பது என்பதில் மட்டும் நிறுவனம் தலையிடலாம். வேலை நெருக்கடியைச் சொல்லித் தள்ளி வைக்கக் கேட்கலாம். முகூர்த்தத்தைத் தள்ள முடியாது என்பதால், உங்கள் சிக்கல் முழுக்கத் தேதியில்தான் இருக்கிறது.

‘பார்க்கலாம்’ என்பது அனுமதி ஆகாது. மெயிலுக்குப் பதில் வராமல் இருப்பதும் அனுமதி ஆகாது. அதை நம்பிப் போனால், பேப்பரில் அது அனுமதியில்லாத விடுப்பு. ஆகவே இந்த வாரமே மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் சேர்த்து ஒரே மெயில் அனுப்புங்கள். திங்கள் முதல் அடுத்த வாரம் புதன் வரை எட்டு வேலை நாள், ஈட்டிய விடுப்புக் கணக்கில், சொந்தத் திருமணம் என்று எழுதி, பத்திரிகையை இணையுங்கள். நடுவில் வரும் சனி, ஞாயிறு விடுப்புக் கணக்கில் சேருமா என்றும் கேளுங்கள்; சேர்ந்தால் பத்தும் தீர்ந்துவிடும். முக்கியமான வரி இது: “இந்தத் தேதிகளில் தர இயலாது என்றால், காரணத்தையும் எந்தத் தேதி சாத்தியம் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்.” சொந்தக் கல்யாண நாளில் லீவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட அவ்வளவு எளிதில் யாரும் முன்வர மாட்டார்கள்.

அந்த மெயிலுக்கு உயிர் கொடுப்பது ஒப்படைப்புக் குறிப்புதான். இதில்தான் பலர் தாங்களாகவே மாட்டிக்கொள்கிறார்கள். “ரிலீஸ் தடையின்றி நடக்கும், நான் பொறுப்பு” என்று எழுதினால், வெள்ளிக்கிழமை ஏதாவது கெட்டுப்போனால் மாலையும் கழுத்துமாக இருக்கும் உங்கள் தலையில் விழும். நிலவரத்தை மட்டும் எழுதுங்கள். உதாரணமாக: “பணம் செலுத்தும் பகுதி முடிந்தது, முந்தைய வாரம் வியாழன் மாலை வரை சோதித்தாயிற்று. ரசீது அச்சிடுவதில் ஒரு பிழை பாக்கி. இனி இன்னார் பார்ப்பார்.” அந்த இன்னார் “பெற்றுக்கொண்டேன்” என்று பதில் போட வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்ததாக மட்டுமே இருக்கும், அவர் வாங்கியதாக இருக்காது. வியாழனே கொடுத்துவிட்டால், வெள்ளி முழுக்க அவர் சந்தேகம் கேட்க நேரம் இருக்கும்.

உங்கள் பாஸ்வேர்டை அவருக்குத் தராதீர்கள்; அவர் பெயரிலேயே அனுமதி வாங்கச் சொல்லுங்கள். “எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்” என்றும் எழுத வேண்டாம். நலங்கு வைக்கும் நேரத்தில் போனை எடுக்கவில்லை என்பதே பிறகு புகாராகும்.

எழுத்தில் மறுத்தாலும் போகத்தான் போகிறீர்கள், சரி. அப்போது சம்பளப் பிடித்தமும் விளக்கம் கேட்டு நோட்டீஸும் வரலாம். ஆனால் ‘வராததால் வேலை தானாகப் போய்விட்டது’ என்று விசாரிக்காமல் அனுப்ப முடியாது, டி.கே. யாதவ் வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரை நீக்குவதற்கு நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் வேண்டும் என்கிறது பிரிவு 41. விசாரணையில் நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்குத்தான் அந்த நோட்டீஸ் தேவையில்லை. முன்கூட்டியே கேட்டு, ஒப்படைத்து, கல்யாணத்துக்குப் போனதை ஒழுங்கீனம் என்று நிரூபிப்பது சுலபமில்லை.

தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாமா என்றால், உரிமை உண்டு. ஆனால் ஆறு வாரத்துக்குள் லீவு வாங்கித் தர அது உதவும் என்று நான் நம்பவில்லை. மறுப்பினால் மனம் வெறுத்து வேலையை விட்டால், கேட்டும் தராத அந்த நாட்களுக்கான பணத்தை நிறுவனம் தர வேண்டும் என்று பிரிவு 25-லேயே இருக்கிறது. புகார் அந்தப் பணத்துக்கு உதவும்.

விடுப்பு மெயில்களையும் பதில்களையும் இப்போதே அச்செடுத்து வீட்டில் வையுங்கள். பிரச்சினை வந்தால் முதலில் முடக்கப்படுவது உங்கள் அலுவலக மெயில்தான். புராஜெக்ட் கோப்புகளை மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். ரகசிய ஒப்பந்த மீறல் என்று அவர்களுக்கு உண்மையான காரணம் ஒன்று கிடைத்துவிடும்.