எலும்பு சேர்ந்த பிறகும் கை எரிகிறதா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. முந்திரி ஆபீஸில் பருப்புத் தோல் உரிக்கிற வேலை. மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்து ஒன்றரை மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் கை வீங்கி வியர்க்கிறது, சேலை பட்டாலே எரிகிறது, விரல் மடங்கவில்லை. ஆசானிடம் எண்ணெய் போட்டு நீவிய பிறகு இன்னும் கூடிவிட்டது. நரம்பு அறுந்துவிட்டதா, டாக்டர்?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: நரம்பு அறுந்தால் அது பாய்கிற விரல்கள் பெரும்பாலும் மரத்துப்போகும். கை முழுக்க உறை மாட்டியதுபோல எரிவதும் வியர்ப்பதும் வேறு கதை. எனக்கு சி.ஆர்.பி.எஸ். என்ற வலி நோய் மீது சந்தேகம். எலும்பு முறிவுக்குப் பிறகு, அதிலும் மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு வருவது. காயம் ஆறிவிட்டது; ஆனால் கையின் நரம்புகளும் மூளையும் இன்னும் காயம் இருப்பதுபோலவே நடந்துகொள்கின்றன.

இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்து தெரியலாம், ஆனால் மாவுக்கட்டில் கிடந்த எந்தக் கையும் கொஞ்சம் மெலியும். அதனால் மருத்துவர்கள் புடாபெஸ்ட் அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி தொடர வேண்டும். அப்புறம் நான்கு வகை அறிகுறிகள்: தொட்டாலே வலிப்பது; இரு கைகளுக்கும் இடையே சூட்டிலோ நிறத்திலோ வித்தியாசம்; வீக்கம் அல்லது வியர்வை மாறுபாடு; நான்காவதாக, அசைவு குறைதல், நடுக்கம் அல்லது நகமும் முடியும் மாறுதல். நோயாளி சொல்வதில் மூன்று வகையிலாவது தலா ஒன்று இருக்க வேண்டும். மருத்துவர் பரிசோதிக்கும்போது இரண்டு வகையிலாவது தலா ஒன்றைத் தாமே காண வேண்டும். உங்கள் கடிதத்திலேயே மூன்று வகை வந்துவிட்டது.

கடைசி நிபந்தனைதான் முக்கியம்: வேறு காரணம் எதுவும் இதைவிடப் பொருத்தமாக இருக்கக் கூடாது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருப்பது, கிருமித் தொற்று, ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றை நேரில் பார்த்துத்தான் விலக்க முடியும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் காட்டி, பிசியோதெரபியும் கேளுங்கள்.

சரி, நீவியதும் ஏன் கூடியது? வலிக்கிற கையை இழுத்து மடக்கினால், "ஆபத்து" என்று நினைக்கும் மூளைக்கு அதை நிரூபித்துக் காட்டியதுபோல ஆகிறது. பயந்து கையைத் தொட்டிலில் கட்டிவைப்பதும் அதே அளவுக்குத் தவறு. ஐஸும் வேண்டாம். வலி கூடாத இடத்தில் தொடங்கி ஏற வேண்டும்.

ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் இடது மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு இதே நோயோடு என்னிடம் வந்தார். முதலில் கையை அசைக்கவே சொல்லவில்லை. இடது கை, வலது கை படங்களைக் கலந்து காட்டி எது எந்தக் கை என்று சொல்லச் சொன்னோம். பாதிக்கப்பட்ட கையின் படத்தில்தான் அவர் தடுமாறினார். இந்த நோயில் பலருக்கும் அப்படித்தான். இரண்டு வாரத்தில் பத்தில் எட்டுக்கு மேல் சட்டென்று சரியாகச் சொன்னார். அடுத்து, கை அசைவதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்வது. மூன்றாவதாகக் கண்ணாடி: கெட்ட கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி நல்ல கையை அசைப்பது. ஐந்து நிமிடம் சொல்லியிருந்தேன். மனிதர் அரைமணி நேரம் செய்துவிட்டார். மறுநாள் கை புடைத்துக்கொண்டது. ஒரு வாரம் கற்பனைக் கட்டத்துக்கே திரும்பி, இரண்டு நிமிடத்தில் மறுபடி தொடங்கினோம்.

இதோடு கூடவே தொடு பயிற்சி. பட்டுத் துணி, பிறகு பஞ்சு, பிறகு பழைய துவர்த்து, கடைசியில் அரிசிப் பாத்திரத்துக்குள் கை. ஒவ்வொன்றும் சில நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை. துணியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். எலும்பு உறுதி என்று மருத்துவர் சொன்ன பிறகு, மேசையைப் பிரஷால் தேய்ப்பது, அரைக் கிலோ சர்க்கரைப் பையைத் தூக்கி நடப்பது. பயிற்சியில் கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் நேற்றைய அளவு அதிகம், பாதியாக்குங்கள். நல்ல நாளில் பாத்திரம் முழுவதையும் தேய்த்து முடிக்கிற பழக்கம்தான் நம்ம அம்மாக்களிடம் எனக்குப் பயம்.

தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் மாத்திரை உண்டு. வீக்கமும் சூடும் உள்ள ஆரம்ப நாட்களில் ஸ்டீராய்டு சில வாரம் கொடுப்பதும் உண்டு. அவை பயிற்சி செய்ய இடம் கொடுப்பவை, பயிற்சிக்கு மாற்று அல்ல. பலருக்கு மாதக்கணக்கில் குறைகிறது, சிலருக்கு விறைப்பு கொஞ்சம் தங்கிவிடுகிறது. பருப்புத் தோல் உரிப்பது விரல்நுனி வேலை. அதற்கு அரிசிக்குள் கைவிட்டுத் துழாவ முடிகிற நாள் வரை பொறுக்கட்டும். விரல்கள் மரத்துப்போனாலோ, காய்ச்சலோடு சிவந்தாலோ, கை திடீரென வெளுத்துக் குளிர்ந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.