காலாவதியான சி.சி.என்.ஏ. சான்றிதழை விண்ணப்பத்தில் காட்டுவது எப்படி?

கேள்வி: நான் 2010ஆம் ஆண்டு கொழும்பில் சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. பரீட்சையில் சித்தியடைந்தேன். பிறகு ஊருக்குத் திரும்பி, கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இன்றுவரை வேலை செய்கிறேன். தலைமை அலுவலகத்தினதும் களஞ்சியங்களினதும் வலையமைப்பு முழுவதையும் நான்தான் பார்க்கிறேன். இப்போது வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனம் வலையமைப்பு அலுவலர் பதவிக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறது. பதினைந்து வருடப் பழைய சான்றிதழ் இன்னும் எடுபடுமா? எடுபடுமென்றால் எப்படி எழுதுவது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சி.சி.என்.ஏ. மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்படுவது. அந்தக் காலத்துக்குள் மறுபடியும் ஒரு பரீட்சை எழுதிப் புதுப்பித்திராவிட்டால், உங்களுடையது 2013இல் காலாவதியாகிவிட்டது. ஆகவே "சி.சி.என்.ஏ. தகைமை உடையவர்" என்று இன்று நீங்கள் எழுத முடியாது, "2010இல் சி.சி.என்.ஏ. பெற்றவர்" என்று தாராளமாக எழுதலாம். இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை விண்ணப்பத்தின் எல்லா இடங்களிலும் காப்பாற்றினால் போதும், மற்றவை தாமாகச் சரியாகிவிடும்.

எல்லாச் சான்றிதழ்களும் இப்படிக் காலாவதியாவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்களுடன் அதே ஆண்டில் கொம்ப்டியா நிறுவனத்தின் ஏ பிளஸ் சான்றிதழை எடுத்த ஒருவர் இருந்தால், அவருடைய சான்றிதழ் இன்றும் செல்லும். 2011 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் அதைப் பெற்றவர்களுக்கு அது ஆயுட்காலச் சான்றிதழ், அதன்பின் பெற்றவர்களுக்கே மூன்று ஆண்டு எல்லை. எனவே ஒரு சான்றிதழ் எவ்வளவு பழையது என்பதைக் காட்டிலும், அதை வழங்கியவர் அதற்கு என்ன கால எல்லை விதித்தார் என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

சுயவிபரக்கோவையில் அந்த வரியை இப்படி எழுதுங்கள்: "சி.சி.என்.ஏ., பரீட்சை 640-802, 2010இல் பெற்றது, 2013 வரை செல்லுபடியானது." இரண்டு ஆண்டுகளும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். ஆண்டைப் போட்டால் வயது தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. வலையமைப்புத் துறையில் இருப்பவர் ஆண்டில்லாத சி.சி.என்.ஏ. ஒன்றைக் கண்டதும் முதலில் கேட்கப்போவது அந்த ஆண்டைத்தான். சான்றிதழிலுள்ள சரிபார்ப்பு இலக்கத்தைக் கொண்டு சிஸ்கோவின் இணையத்தளத்தில் எவரும் அதைச் சோதிக்க முடியும் என்பதால், மறைத்த ஆண்டு வெளிப்படும்போது உங்கள் மீதுள்ள நம்பிக்கைதான் குறையும். தொண்டு நிறுவனங்களின் இணைய விண்ணப்பப் படிவங்களில் சான்றிதழ் காலாவதியாகும் திகதிக்கென்று ஒரு கட்டம் இருப்பதுண்டு. அதில் சான்றிதழிலுள்ள உண்மைத் திகதியையே இடுங்கள், "காலாவதி இல்லை" என்ற தெரிவை அழுத்திவிட வேண்டாம்.

அந்த வரி நிற்க வேண்டிய இடமும் முக்கியமானது. தலைப்புக்குக் கீழே, பெயருக்கு அருகில் அதை வைக்காதீர்கள். தொழில் அனுபவத்துக்குப் பின்வரும் கல்வித் தகைமைகளின் கீழ் வையுங்கள். இன்று உங்கள் தகுதியை நிரூபிப்பது நீங்கள் நடத்திவரும் வலையமைப்பு. "கணினிப் பிரிவில் பணியாற்றினேன்" என்ற பொதுவான வசனத்தை எடுத்துவிட்டு, செய்ததை எழுதுங்கள்: தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவையும் விற்பனைப் பிரிவையும் தனித்தனி வீலான்களாகப் பிரித்தது, களஞ்சியங்களைத் தலைமை அலுவலகத்தோடு இணைத்தது, மின்தடைக்குப் பின் இணைப்புகள் தாமாக மீளும்படி ரவுட்டர்களை அமைத்தது, எத்தனை கணினிகள், எந்த ஆண்டிலிருந்து. இவற்றில் நீங்கள் உண்மையில் செய்தவற்றை மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படி எழுதினால் 2010ஆம் ஆண்டுச் சான்றிதழ் இந்த வேலைகளுக்கு ஆரம்பமாகத் தெரியும், பழசு என்ற எண்ணம் வாசிப்பவருக்கு எழாது.

திறன்களின் பட்டியலில்தான் பலர் சறுக்குகிறார்கள். 640-802 பாடத்திட்டத்தில் பிரேம் ரிலே இருந்தது, ரிப் என்னும் வழிப்படுத்தல் நெறிமுறை இருந்தது. 2020 பெப்ரவரியில் தொடங்கிய இப்போதைய 200-301 பரீட்சையில் அவை இல்லை. கம்பியில்லா வலையமைப்பு விரிவடைந்திருக்கிறது, தன்னியக்கமாக்கல், ஜேசன் போன்றவை புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. பழைய பட்டியலை அப்படியே படியெடுத்து "பிரேம் ரிலே" என்று போட்டால், 2013க்குப் பிறகு நீங்கள் எதையும் படிக்கவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதேவேளை உப வலையமைப்புக் கணக்கு, வீலான், ஓ.எஸ்.பி.எஃப்., அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல், முகவரி மாற்றம் ஆகியவை அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. நேர்முகப் பரீட்சையில் கேள்வி அங்கிருந்துதான் வரும். 192.168.10.0/24 என்ற முகவரித் தொகுதியில் ஐம்பது கணினிகளைக் கொண்ட ஒரு பிரிவுக்கு எதை ஒதுக்குவீர்கள் என்று கேட்டால், /26 என்றும், அதில் 64 முகவரிகள் உண்டு, பயன்படுத்தக்கூடியவை 62 என்றும், /27 எடுத்தால் 30 மட்டுமே கிடைக்கும் என்பதால் போதாது என்றும் தாள் இல்லாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சி.சி.என்.ஏ. எடுத்தவர் இதில் தடுமாறினால் சான்றிதழின் வயது உடனே பேச்சுக்கு வந்துவிடும்.

இனி, மறுபடியும் பரீட்சை எழுத வேண்டுமா என்பது. விளம்பரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். "சி.சி.என்.ஏ. அல்லது அதற்குச் சமமான அனுபவம்" என்றிருந்தால் இப்போதுள்ளதைக் கொண்டே விண்ணப்பியுங்கள். "செல்லுபடியாகும் சி.சி.என்.ஏ." என்றிருந்தால் உங்கள் சான்றிதழ் அந்த நிபந்தனையைப் பூர்த்தி செய்யாது, உங்கள் அனுபவத்தை ஏற்பார்களா என்று முடிவுத் திகதிக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அரச பதவிகளாயின் அந்த இடமும் இல்லை, விண்ணப்ப முடிவுத் திகதியன்று தகைமைகள் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதே அங்கு வழக்கம்.

காலாவதியான பின் புதுப்பிக்கும் வழி கிடையாது, முதன்முறை எழுதுபவரைப் போல 200-301 பரீட்சையையே எழுத வேண்டும். 120 நிமிடங்கள் கொண்ட ஒரே பரீட்சை அது. கட்டணம் 300 அமெரிக்க டொலர். உங்கள் இன்றைய சம்பளத்துக்கு அது சிறிய தொகையல்ல என்பதால், இந்த ஒரு விண்ணப்பத்துக்காக மட்டும் எழுதுமாறு நான் சொல்லமாட்டேன். அடுத்தடுத்த விளம்பரங்களிலும் அதே நிபந்தனை வந்தால் எழுதுங்கள். பயிற்சிக்கு சிஸ்கோவின் பக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பரீட்சைத் திகதி பதிவாகும்வரை "சி.சி.என்.ஏ. படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சுயவிபரக்கோவையில் எழுத வேண்டாம், பதிவான பின் திகதியுடன் எழுதலாம்.

பரீட்சைக்குப் பதியும்போது தேசிய அடையாள அட்டையிலோ கடவுச்சீட்டிலோ உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்று உங்களை உள்ளே விடமாட்டார்கள். 2010ஆம் ஆண்டுச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்தும் இப்போதைய ஆவணங்களில் கணவரின் முதலெழுத்தும் இருக்குமானால், வவுனியா விண்ணப்பத்தோடு திருமணப் பதிவுச் சான்றிதழின் பிரதியையும் இணைத்துவிடுங்கள்.